கால் ஆப்ஷன், புட் ஆப்ஷன்: ஒரு கிரிக்கெட் பந்தயத்தை வைத்துக் கேள்வி பதில்

"கால் என்றால் ஏறும், புட் என்றால் இறங்கும், அவ்வளவுதானே?" ஆப்ஷன் வணிகத்தில் புதிதாக நுழைகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். பாதி சரி. பணம் போவது மீதிப் பாதியில். அந்த மீதியைச் சுற்றித் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். விலைகளுக்கு எந்த நாட்டு நாணயத்தையும் சேர்க்காமல் வெறும் எண்ணாக எழுதியிருக்கிறேன். கணக்கு எங்கும் ஒன்றுதான். ஒரு பதிலில் வரும் எண் அடுத்த பதிலிலும் தொடரும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஆப்ஷன் என்றால் என்ன என்பதே தெரியாது. பங்கு, பிரீமியம் என்ற வார்த்தைகள் இல்லாமல் முதலில் சொல்ல முடியுமா?

நீங்களும் உங்கள் நண்பரும் ஓர் இருபது ஓவர் கிரிக்கெட் ஆட்டம் பார்க்க உட்காருகிறீர்கள். முதலில் ஆடும் அணி 160 ரன்னை ஒட்டி எடுக்கும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நண்பர் ஒரு பந்தயம் வைக்கிறார்: "இப்போதே எனக்கு 8 கொடுத்துவிடு. 160க்கு மேல் அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு ரன்னுக்கும் உனக்கு 1 தருகிறேன். 160க்குள் முடிந்துவிட்டால் நான் ஒன்றும் தர வேண்டியதில்லை. எப்படி முடிந்தாலும் அந்த 8 எனக்குத்தான்."

நீங்கள் 8 கொடுத்துவிட்டீர்கள். அணி 185 எடுத்தால் உங்களுக்கு 25 வரும். கொடுத்த 8 போக லாபம் 17. அணி 165 எடுத்தால் 5 வரும். ரன் 160ஐத் தாண்டியும் உங்களுக்கு 3 நஷ்டம். அணி 120க்குச் சுருண்டாலும் சரி, 60க்குச் சுருண்டாலும் சரி, உங்கள் நஷ்டம் அந்த 8தான், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. இதுதான் கால் ஆப்ஷன்.

இதையே திருப்பிப் போடுங்கள். 8 வாங்கிக்கொண்டு, "160க்குக் கீழே குறையும் ஒவ்வொரு ரன்னுக்கும் 1 தருகிறேன்" என்கிறார் நண்பர். அணி 120 எடுத்தால் உங்களுக்கு 40 வரும், லாபம் 32. அணி 200 எடுத்தால் 8 போய்விடும். இது புட் ஆப்ஷன்.

புரிந்தது. இதில் பங்கு எங்கே வருகிறது?

ரன் இருந்த இடத்தில் பங்கின் விலையை வையுங்கள். 160 என்ற கோட்டுக்கு ஸ்ட்ரைக் விலை என்று பெயர். முன்பணமாகக் கொடுத்த 8 பிரீமியம். இருபதாவது ஓவரின் கடைசிப் பந்து காலாவதி நாள். பந்தயத்துக்கு உங்கள் நண்பர் சம்மதித்தார் அல்லவா, அவர்தான் ஆப்ஷனை விற்றவர். சந்தையில் அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. நடுவில் இருக்கும் தீர்வகம் இருவருக்கும் பொறுப்பேற்கிறது.

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது "வித்தியாசத்தைத் தருகிறேன்" என்று அல்ல. கால் ஆப்ஷன், பங்கை ஸ்ட்ரைக் விலைக்கு வாங்கும் உரிமை. புட் ஆப்ஷன், ஸ்ட்ரைக் விலைக்கு விற்கும் உரிமை. ஆனால் கணக்கு அதே இடத்தில்தான் வந்து நிற்கும். இப்போது 100க்கு விற்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். அதன் 100 ஸ்ட்ரைக் கால், இன்னும் 30 நாள் ஆயுளோடு, 4க்குக் கிடைக்கிறது. காலாவதி நாளில் பங்கு 115 என்றால், 115 பெறுமானமுள்ள பொருளை 100க்கு வாங்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது; அதன் மதிப்பு 15. பங்கு 85க்கு இறங்கிவிட்டால் அந்த உரிமையால் பயனில்லை, விட்டுவிடுவீர்கள். மாறாக, உங்களிடம் 100 ஸ்ட்ரைக் புட் இருந்தால், சந்தையில் 85க்கு வாங்கி 100க்குத் தள்ளிவிடலாம், அங்கே 15.

உரிமை வாங்கியவருக்கு, கடமை விற்றவருக்கு. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கும்.

புட் வாங்க வேண்டுமென்றால் என்னிடம் முதலில் அந்தப் பங்கு இருக்க வேண்டுமா?

தேவையில்லை. அணி குறைவாக எடுக்கும் என்று பந்தயம் கட்ட நீங்கள் அந்த அணியின் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. பங்கு இறங்கியதும் புட்டின் விலை ஏறும். அந்தப் புட்டையே சந்தையில் விற்றுவிட்டு வெளியேறலாம். பங்கைக் கையில் வைத்துக்கொண்டே புட் வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களுடைய நோக்கம் வேறு. "சூதாட்டம்தானே" என்ற கேள்விக்கான பதிலில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கால் வாங்குவதும் புட் விற்பதும் ஒன்றுதானே? இரண்டுக்குமே பங்கு ஏறினால் நல்லதுதானே?

மிக அதிகமாகப் பணத்தைத் தின்ற குழப்பம் இது. இரண்டும் ஒரே திசையைப் பார்க்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒன்றில் நீங்கள் பந்தயப் பணம் கொடுத்தவர், மற்றதில் வாங்கியவர்.

100க்கு விற்கும் அதே பங்கை எடுத்துக்கொள்வோம். 100 கால் 4, 100 புட்டும் 4. நீங்கள் காலை வாங்குகிறீர்கள். உங்கள் தோழர் புட்டை விற்கிறார். காலாவதி நாளில் பங்கு 130 என்றால் உங்களுக்கு லாபம் 26, அவருக்கு வெறும் 4. பங்கு 100லேயே நின்றுவிட்டால் உங்களுக்கு 4 நஷ்டம், அவருக்கு 4 லாபம். பங்கு 70க்குச் சரிந்தால் உங்களுக்கு அதே 4 நஷ்டம்தான். அவருக்கு 26 நஷ்டம். மூன்று முடிவிலும் இருவருக்கும் வெவ்வேறு எண். ஒருவர் சிறிய தொகையை இழக்கத் தயாராகிப் பெரிய ஏற்றத்துக்காகக் காத்திருக்கிறார். மற்றவர் சிறிய தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு பெரிய சரிவு வராது என்று நம்பியிருக்கிறார்.

புட் வாங்குவதையும் கால் விற்பதையும் இதே போலப் பிரித்துப் பாருங்கள். எனவே ஆர்டர் போடும் திரையில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகச் சரிபாருங்கள்: எடுத்திருப்பது காலா, புட்டா என்பது ஒன்று, அழுத்தப்போவது "வாங்கு" பொத்தானா, "விற்பனை" பொத்தானா என்பது இன்னொன்று. முதலாவது திசையைச் சொல்லும். நஷ்டத்துக்கு எல்லை உண்டா என்பதைச் சொல்வது இரண்டாவதுதான்.

கிடைப்பது 4தான், போவது எவ்வளவு வேண்டுமானாலும் என்றால் ஒருவர் எதற்காக ஆப்ஷன் விற்கிறார்?

அடிக்கடி ஜெயிப்பார் என்பதால். மேலே உள்ள காலை விற்றவருக்குப் பங்கு இறங்கினாலும் லாபம், அசையாமல் நின்றாலும் லாபம், 104 வரை ஏறினால்கூட நஷ்டமில்லை. வாங்கியவருக்கோ பங்கு 104ஐத் தாண்டி ஏறினால் மட்டுமே லாபம். பல மாதங்கள் 4, 4 என்று சேர்த்தவர் ஒரே மாதத்தில் பங்கு 130க்குப் பாய்ந்தால் 26ஐ இழப்பார். ஆறு மாதத்துச் சேமிப்பு போய் இன்னும் 2 கடன் நிற்கும். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவர் பணத்தைத்தான் இன்னொருவர் எடுக்கிறார்கள். தரகுக் கட்டணமும் வரியும் போனால் மொத்தத்தில் இருவருக்கும் சேர்த்துக் குறைவுதான்.

புட் விற்றவருடைய நஷ்டத்துக்கு ஓர் அடித்தளம் உண்டு. பங்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. 100 புட்டை 4க்கு விற்றவர் அதிகபட்சம் 96 இழப்பார். பங்கைக் கையில் வைத்திராமல் கால் விற்றவருக்கு அந்த வசதியும் இல்லை, ஏனென்றால் விலை ஏறுவதற்குக் கூரை கிடையாது. அதனால்தான் விற்பவரிடம் தரகு நிறுவனம் மார்ஜின் என்ற ஈட்டுத்தொகையை வாங்கி வைக்கிறது, நிலைமை மோசமானால் மேலும் கேட்கிறது. கொடுக்க முடியவில்லை என்றால் அவருடைய நிலையை அவரைக் கேட்காமலே முடித்துவிடும். பங்கு பின்னால் திரும்பி வந்தாலும் அவருக்கு அதனால் பலனில்லை.

100 கால் வாங்கினேன். பங்கு 103க்கு ஏறியது. ஆனாலும் நஷ்டம் என்று காட்டுகிறது. எப்படி?

முதல் பதிலில் அணி 165 எடுத்த இடத்தைத் திரும்பப் பாருங்கள். காலாவதி நாளில் 103 என்றால் உங்கள் உரிமையின் மதிப்பு 3. கொடுத்தது 4. நஷ்டம் 1. கால் வாங்கியவருக்கு அசல் திரும்பும் விலை ஸ்ட்ரைக்கோடு பிரீமியத்தைக் கூட்டினால் வருவது, இங்கே 104. புட் வாங்கியவருக்குக் கழித்தால் வருவது, இங்கே 96. கட்டணங்கள் இதற்கு மேல்.

நிலை 103 என்றால் உரிமையை விட்டுவிட வேண்டாம். பயன்படுத்தினால் நஷ்டம் 1. விட்டுவிட்டால் நஷ்டம் 4. "எப்படியும் நஷ்டம்தானே" என்று கைவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலாவதி நாள் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? நடுவில் வெளியேற முடியாதா?

முடியும், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பந்தயத்தின் நடுவே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பத்து ஓவர் முடிந்தபோது அணி விக்கெட் இழக்காமல் 95 எடுத்திருக்கிறது; இப்போது பொதுக் கணிப்பு 180. நீங்கள் 8க்கு வாங்கிய பந்தயச் சீட்டைப் பக்கத்தில் இருப்பவர் 22க்குக் கேட்கிறார். கொடுத்துவிட்டால் ஆட்டம் முடியும் முன்பே 14 லாபம். அடுத்த ஓவரில் மூன்று விக்கெட் விழுந்தால் அது அவர் பாடு.

பங்குச் சந்தையில் ஒவ்வொரு நிமிடமும் மாறும் பங்கு விலையை, ஆட்டத்தின் நடுவே மாறும் அந்தக் கணிப்போடு ஒப்பிடுங்கள், எடுத்துவிட்ட ரன்னோடு அல்ல. எடுத்த ரன் குறையாது. கணிப்பு ஏறும், இறங்கும். அவர் ஏன் 20 தராமல் 22 தந்தார் என்பதையும் கவனியுங்கள். கணிப்புப்படி அணி 180 எடுத்தால் சீட்டுக்கு 20 வரும். அது உள்ளார்ந்த மதிப்பு. இன்னும் பத்து ஓவர் இருக்கிறது, கணிப்பைவிட மேலே போகவும் வாய்ப்புண்டு; அந்த வாய்ப்புக்கான 2 கால மதிப்பு. எந்த ஆப்ஷனின் விலையும் இந்த இரண்டின் கூட்டுத்தொகைதான்.

பங்கு அசையவே இல்லை. என் பிரீமியம் மட்டும் தினமும் கரைகிறது. யார் எடுத்துப் போகிறார்கள்?

விற்றவருக்குப் போகிறது. பங்கு 100லேயே நிற்கும்போது 100 காலுக்கு உள்ளார்ந்த மதிப்பு ஒன்றுமில்லை. நீங்கள் கொடுத்த 4 முழுக்கக் கால மதிப்பு. ஓவர்கள் தீரத் தீர அது தேய்ந்து கடைசிப் பந்தில் பூஜ்யமாகும்.

தேய்வது ஒரே சீராக அல்ல என்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது. ஸ்ட்ரைக்கை ஒட்டி நிற்கும் ஆப்ஷனின் கால மதிப்பு, மீதமுள்ள நாட்களின் வர்க்கமூலத்தைப் பின்பற்றிக் குறைகிறது. 30 நாள் இருக்கும்போது 4 என்றால், 15 நாள் இருக்கும்போது சுமார் 2.8. ஏழெட்டு நாள் மட்டும் மிச்சமிருக்கும்போது 2. அதாவது முதல் மூன்று வாரத்தில் போனது 2, கடைசி ஒரு வாரத்தில் போவதும் 2. "இத்தனை நாள் பொறுத்தோம், இன்னும் ஒரு வாரம்தானே" என்று வாங்கியவர் நினைக்கும் அந்த ஒரு வாரம்தான் அவருக்கு மிகவும் விலை கூடியது. காலுக்கும் புட்டுக்கும் இது பொது.

பங்கு 1 ஏறினால் என் காலும் 1 ஏறும் என்று நினைத்தேன். பாதிதான் ஏறியது.

ஸ்ட்ரைக்கை ஒட்டி நிற்கும் ஆப்ஷன் அப்படித்தான் நகரும். அது பலனளிக்குமா என்பது ஏறத்தாழ பாதிக்குப் பாதி. அதனால் பங்கின் நகர்வில் பாதியைத்தான் அது பிரதிபலிக்கும். பங்கு 100லிருந்து 101 போனால் 4க்கு வாங்கிய கால் சுமார் 4.5 ஆகும். பங்கு ஸ்ட்ரைக்கைவிட வெகுவாக மேலே போய்விட்டால் காலின் நகர்வு பங்கோடு ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடும். வெகுவாகக் கீழே இருந்தால் பங்கு 1 ஏறினாலும் அது அசைந்ததே தெரியாது. புட்டுக்கு இதே கணக்கு எதிர்த்திசையில். இந்த விகிதத்துக்கு டெல்டா என்று பெயர். பல வணிகச் செயலிகளில் இதைக் காட்டுவார்கள்.

110 கால் வெறும் 1க்குக் கிடைக்கிறது. 4 கொடுத்து ஒரு 100 கால் வாங்குவதற்குப் பதில் அதில் நான்கு வாங்கினால் லாபம் நான்கு மடங்காகுமே?

பங்கு 100, ஆயுள் 30 நாள். நீங்கள் சொல்வது உண்மையாக வேண்டுமென்றால் பங்கு எவ்வளவு ஏற வேண்டும் என்று போட்டுப் பார்ப்போம். காலாவதி நாளில் பங்கு 108 என்று வையுங்கள். ஒரு மாதத்தில் எட்டு சதவீத ஏற்றம், நல்ல ஏற்றம்தான். ஒரு 100 கால் வாங்கியவருக்கு 8 வரும், போட்ட பணம் இரட்டிப்பு. நான்கு 110 கால் வாங்கியவருக்குப் பூஜ்யம். திசை சரி, அளவும் பெரிது, ஆனாலும் மொத்தப் பணமும் போயிற்று.

பங்கு 112 ஆனால் முதலாமவருக்கு 12, இரண்டாமவருக்கு நான்கு முறை 2, அதாவது 8. இன்னும் முதலாமவர்தான் முன்னால். 113.3ஐத் தாண்டினால்தான் இரண்டாமவர் முந்துகிறார். பந்தயத்தில் சொன்னால், 160 எதிர்பார்க்கும் ஆட்டத்தில் 210க்கு மேல் எடுக்கும் ரன்களுக்கு மட்டும் பணம் என்ற சீட்டு அது. மலிவாக இருக்கிறது என்று தோன்றும். அந்த இடத்துக்குப் போகும் வாய்ப்பு குறைவு என்பதால்தான் அந்த விலை. புதியவர்கள் விரும்பி வாங்குவதும் காலாவதி நாளில் மதிப்பிழந்து போவதும் பெரும்பாலும் இந்தத் தொலைதூர ஸ்ட்ரைக்குகள்தான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

நிறுவனத்தின் காலாண்டு முடிவு நன்றாக வந்தது. பங்கும் ஏறியது. என் கால் விலை மட்டும் இறங்கியது. மோசடியா?

மோசடி இல்லை. பந்தயத்துக்குத் திரும்புவோம். எப்போதும் 150க்கும் 170க்கும் இடையே முடிக்கும் ஓர் அணி. ஒரு நாள் 220, மறுநாள் 90 என்று ஆடும் இன்னோர் அணி. இரண்டுக்கும் கணிப்பு 160தான். இரண்டாவது அணிக்கு அதே 8க்கு உங்கள் நண்பர் பந்தயம் வைப்பாரா? மாட்டார். தாறுமாறாக ஆடும் அணிக்குக் காலும் விலை கூடும், புட்டும் விலை கூடும். பிரீமியத்துக்குள் இருக்கும் இந்த எதிர்பார்க்கப்படும் அலைவைச் சந்தையில் ஐவி என்பார்கள்.

காலாண்டு முடிவுக்கு முந்தைய நாள் பங்கு எந்தப் பக்கம் பாயுமோ என்ற நிலையில், 10 நாள் ஆயுளுள்ள 100 காலை 5 கொடுத்து வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் முடிவு வந்தது, பங்கு 102. திகில் தீர்ந்தது; இனி பங்கு அப்படிப் பாயும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உள்ளார்ந்த மதிப்பு 2 சேர்ந்தது. ஆனால் 5 ஆக இருந்த கால மதிப்பு 2க்கும் கீழே விழுந்தது. ஆக மொத்தம் கால் விலை 4ஐத் தொடவில்லை. பங்கு 2 ஏறியும் உங்களுக்கு 1க்கு மேல் நஷ்டம்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அன்றைய 100 காலையும் 100 புட்டையும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் 5 என்றால் 10 வரும். காலாவதிக்குள் பங்கு பத்தை ஒட்டி ஏதோ ஒரு பக்கம் நகரும் என்ற எதிர்பார்ப்பு விலையிலேயே ஏற்றப்பட்டுவிட்டது என்று பொருள். நீங்கள் எதிர்பார்ப்பது அதைவிடப் பெரிய நகர்வா என்பதுதான் கேள்வி. முடிவு நன்றாக வருமா என்பது மட்டும் அல்ல.

அப்படியானால் காலையும் புட்டையும் சேர்த்தே வாங்கிவிட்டால்? எந்தப் பக்கம் போனாலும் லாபம்தானே?

முதல் உதாரணத்து விலையில் இரண்டுக்கும் சேர்த்து 8 கொடுக்கிறீர்கள். பங்கு 108க்கு மேலேயோ 92க்குக் கீழேயோ முடிந்தால்தான் லாபம். நடுவில் எங்கே நின்றாலும் நஷ்டம். சரியாக 100ல் நின்றால் எட்டும் போகும். கரைவதும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கரையும். திசை தெரிய வேண்டாம் என்பது உண்மை. நகர்வின் அளவு தெரிய வேண்டும், அது எளிதல்ல.

எவ்வளவு விளக்கினாலும் இது சூதாட்டம்தானே?

பங்கு கையில் இல்லாமல், ஏறும் என்றோ இறங்கும் என்றோ வாங்குகிறவருக்கு இது பந்தயம்தான். அதை வேறு பெயரிட்டு அழைக்க நான் விரும்பவில்லை. ஆனால் கிரிக்கெட் பந்தயம் ஓர் இடத்தில் நமக்கு உதவாமல் போகிறது. ரன்னை யாரும் சொத்தாக வைத்திருப்பதில்லை. பங்கை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் நஷ்ட ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது.

அதே பங்கில் 100ஐ உங்கள் கணக்கில் வைத்திருக்கிறீர்கள், அடுத்த ஒரு மாதம் கவலையாக இருக்கிறது, விற்கவும் மனமில்லை. ஒவ்வொரு பங்குக்கும் 2 கொடுத்து 95 புட் வாங்குகிறீர்கள். பங்கு 70க்குச் சரிந்தாலும் உங்களுக்கு 95க்கு விற்கும் உரிமை இருக்கிறது. பங்குக்கு நஷ்டம் 5, புட்டுக்குக் கொடுத்த 2, ஆக 7. புட் இல்லாதவருக்கு நஷ்டம் 30. பங்கு 120க்கு ஏறினால் புட் வீண், லாபம் 20க்குப் பதில் 18. இங்கே புட் வாங்கியதால் ஆபத்து கூடவில்லை, குறைந்திருக்கிறது. அதே போல 100 பங்கு வைத்திருப்பவர் 110 காலை 1க்கு விற்றால் அவருக்குக் கூரையில்லாத நஷ்டம் கிடையாது; பங்கு 130 போனால் கையிலுள்ள பங்கையே 110க்குக் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் வரக்கூடிய லாபத்தை மட்டும் அவர் 1க்கு விற்றுவிட்டார்.

திரையில் விலை 4 என்று இருந்தது. விற்கப் போனேன், 3தான் கிடைத்தது. ஏன்?

நீங்கள் பார்த்த 4 கடைசியாகக் கைமாறிய விலை. அது ஒரு மணி நேரத்துக்கு முன்பு நடந்ததாகக்கூட இருக்கலாம். பார்க்க வேண்டியது இப்போது வாங்குகிறவர் தரத் தயாராக இருக்கும் விலையையும், விற்கிறவர் கேட்கும் விலையையும். அதிகம் புழங்காத ஸ்ட்ரைக்கில் அவை 3, 5 என்று அகன்று கிடக்கும். சந்தை விலைக்கே முடித்துக்கொடு என்று ஆர்டர் போட்டால் வாங்கும்போது 5, விற்கும்போது 3. பங்கு அசையும் முன்பே 2 போய்விட்டது. உங்கள் விலையைக் குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போடுங்கள். இடைவெளி பிரீமியத்தில் பாதி என்றால் அந்த ஸ்ட்ரைக்கைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

லாபத்தில் இருந்த காலைக் காலாவதி நாளன்று அப்படியே விட்டுவிட்டேன். இப்போது 10,000 கட்டச் சொல்கிறார்கள்!

ஆப்ஷன்கள் ஒற்றைப் பங்குக்கு விற்கப்படுவதில்லை. ஓர் ஒப்பந்தத்துக்கு இத்தனை பங்கு என்று இருக்கும். அமெரிக்காவில் பொதுவாக 100 பங்கு. மேலே நான் சொன்ன 4, உண்மையில் ஓர் ஒப்பந்தத்துக்கு 400. நீங்கள் வாங்கியது 100க்கு வாங்கும் உரிமை. காலாவதியில் பங்கு 100க்கு மேல் நின்றால் பல சந்தைகளில் அது தானாகவே செயல்படுத்தப்படும். பங்கு உங்கள் கணக்கில் வரும், 100 பங்குக்கு 100 வீதம் 10,000 நீங்கள் தர வேண்டும். 400 மட்டும் போட்டவருக்கு இது இடி போலத்தான் இருக்கும். புட் என்றால் 100 பங்கைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கும். குறியீட்டு ஆப்ஷன்களில் பெரும்பாலும் வித்தியாசப் பணம் மட்டும் கைமாறும்.

எனவே உங்கள் ஒப்பந்தம் பணமாகத் தீர்க்கப்படுவதா, பங்காகவா என்பதை வாங்கும் முன்பே ஒப்பந்த விவரத்தில் பாருங்கள். பங்காக என்றால், அதற்கான பணமோ பங்கோ இல்லாதவர் காலாவதிக்கு முன்பே விற்று வெளியேற வேண்டும். எந்த நாளிலும் செயல்படுத்தக்கூடிய ஆப்ஷனுக்கு அமெரிக்க வகை என்றும், கடைசி நாளில் மட்டும் செயல்படுத்தக்கூடியதற்கு ஐரோப்பிய வகை என்றும் பெயர். நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்த வகையானாலும் உங்கள் ஆப்ஷனைச் சந்தையில் நடுவிலேயே விற்கலாம். அமெரிக்க வகையை முன்கூட்டியே செயல்படுத்தினால் மீதமிருக்கும் கால மதிப்பை இழப்பீர்கள். விற்றால் அதற்கும் பணம் வரும்.

காலை வாங்கி, அதே ஸ்ட்ரைக்கில் புட்டை விற்றால் என்ன ஆகும்?

கால் வாங்கிய உங்களுக்கும் புட் விற்ற தோழருக்கும் போட்ட கணக்கை எடுத்து, இருவரையும் ஒரே ஆளாக்குங்கள். கொடுத்த 4ம் வாங்கிய 4ம் கழிந்துவிட்டன. பங்கு 130 என்றால் 26ம் 4ம் சேர்ந்து லாபம் 30. பங்கு 100 என்றால் ஒன்றுமில்லை. பங்கு 70 என்றால் 4ம் 26ம் சேர்ந்து நஷ்டம் 30. 100க்குப் பங்கையே வாங்கி வைத்திருந்தாலும் இதே எண்கள்தான் வந்திருக்கும். ஒரு கால் வாங்கி ஒரு புட் விற்றால் அது பங்கை வைத்திருப்பதற்குச் சமம்.

இதனால்தான் ஒரே ஸ்ட்ரைக், ஒரே காலாவதியுள்ள காலும் புட்டும் விலையில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓட முடியாது. விலகினால், மலிவானதை வாங்கி மற்றதை விற்றுப் பங்கோடு ஈடுகட்டி ஆபத்தில்லாத லாபம் எடுப்பவர்கள் உடனே நுழைந்துவிடுவார்கள். வட்டியும் ஈவுத்தொகையும் மட்டும் இரண்டுக்கும் நடுவே சிறிய வித்தியாசத்தை வைக்கும். சிகாகோ வாரிய ஆப்ஷன் சந்தை 1973ல் தொடங்கியபோது 16 நிறுவனங்களின் பங்குகளுக்குக் கால் மட்டும்தான் பட்டியலிடப்பட்டது. புட் 1977ல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் இந்தச் சமன்பாடு தெரிந்தவர்களுக்குப் புட்டை உருவாக்க வழி இருந்தது: காலை வாங்கு, பங்கைக் கடன் வாங்கி விற்றுவிடு. பங்கு 130 ஆனால் பங்கில் 30 போகும், காலில் 26 வரும், நஷ்டம் 4. பங்கு 70 ஆனால் பங்கில் 30 வரும், காலில் 4 போகும், லாபம் 26. அது 4க்கு வாங்கிய 100 புட்டின் கணக்கேதான்.